எக்ஸ்பைரியில் ஜெயித்து நடுவழியில் தோற்கும் ஸ்ட்ராங்கிள்

கேள்வி: "பத்து லட்சம் முதல் போட்டு வாரா வாரம் நிஃப்டி ஸ்ட்ராங்கிள் விற்கிறேன். மார்ஜின் முழுவதையும் பயன்படுத்துகிறேன். வாரம் ஒரு சதவீதம் போல வருகிறது. பெரும்பாலும் இரண்டு பக்கமும் பூஜ்யத்தில்தான் முடிகிறது, ஸ்டாப்லாஸும் போட்டுவிடுகிறேன். அப்புறம் எதற்கு ஹெட்ஜ் வாங்கிப் பிரீமியத்தை வீணாக்க வேண்டும்?"

உங்கள் கணக்கு முழுவதும் எக்ஸ்பைரி அன்று நிஃப்டி எங்கே நிற்கும் என்பதை வைத்துப் போட்ட கணக்கு. ஆப்ஷன் வாங்கியவருக்கு அது போதும். கொடுத்த பிரீமியத்துக்கு மேல் அவரிடம் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை, கடைசி நாள் வரை அவரால் காத்திருக்க முடியும். விற்றவரின் நிலை அப்படியில்லை. எக்ஸ்பைரி வரை அந்த பொசிஷனை வைத்திருக்க அவரை விடுவார்களா என்பது தனிக் கேள்வி, அதுதான் முக்கியமான கேள்வியும்கூட. ஒரு புரோக்கர் நிறுவனத்தின் ரிஸ்க் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். நாங்கள் வலுக்கட்டாயமாக மூடிய கணக்குகளில், எக்ஸ்பைரி பற்றிய கணிப்பு சரியாகவே இருந்தவர்கள் நிறையப் பேர். ஒரு உண்மையான வாரத்தை எடுத்துப் படிப்படியாகப் பார்ப்போம்.

2024 ஜூன் 3, திங்கட்கிழமை. கருத்துக்கணிப்புகளை நம்பி நிஃப்டி 3.25 சதவீதம் ஏறி 23,263.90-இல் முடிந்தது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. அன்று சற்றே இறக்கத்தில், 23,180-ஐ ஒட்டித் தொடங்கிய நிஃப்டி, ஆளுங்கட்சிக்குத் தனிப்பெரும்பான்மை இல்லை என்பது தெரியத் தெரியச் சரிந்து நண்பகலையொட்டி 21,281 வரை போனது. திங்கள் முடிவிலிருந்து பார்த்தால் 1,980 புள்ளிகளுக்கு மேல், எட்டரை சதவீதம். பிறகு கொஞ்சம் மீண்டு 21,884.50-இல் முடிந்தது. அந்த வார எக்ஸ்பைரி ஜூன் 6, வியாழக்கிழமை.

திங்கள் மாலை உங்களைப் போன்ற ஒருவர் 22,300 புட்டையும் 24,300 காலையும் விற்றதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் நான்கு சதவீதத்துக்கு மேல் தள்ளியிருக்கும் ஸ்ட்ரைக்குகள். நிஃப்டி அளவுகளும் தேதிகளும் நடந்தவை. பிரீமியமும் மார்ஜினும் அன்றைய சூழலுக்குப் பொருந்துமாறு நான் வைத்துக்கொண்ட எண்கள், இனி வரும் கணக்கை அப்படியே படியுங்கள். புட்டுக்கு 80, காலுக்கு 60, சேர்த்து 140 புள்ளி. அப்போது ஒரு லாட் 25. ஒரு லாட் ஸ்ட்ராங்கிளுக்கு மார்ஜின் 70,000 ரூபாய் என்றால் பத்து லட்சத்தில் 14 லாட், அதாவது 350 எண்ணிக்கை. கைக்கு வரும் பிரீமியம் 49,000 ரூபாய். தேர்தல் வாரம் என்பதால் வழக்கத்தைவிட மிகக் கொழுத்த வரவு. பலருக்கும் ஆசை காட்டியது அதுதான்.

செவ்வாய் நண்பகலில் நிஃப்டி 21,281-இல் நிற்கும்போது 22,300 புட்டின் உள்மதிப்பு மட்டுமே 1,019 புள்ளி. எக்ஸ்பைரிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, பதற்றமும் உச்சத்தில் இருக்கிறது என்பதால் சந்தை அதற்கு மேலும் விலை கேட்கும். 1,100 என்று வைப்போம். 80-க்கு விற்றதைத் திரும்ப வாங்க 1,100 தர வேண்டும். கால் பக்கத்து 60 புள்ளியை முழு லாபமாகக் கழித்துக்கொண்டாலும் நிகர நஷ்டம் 960 புள்ளி. 350-ஆல் பெருக்கினால் 3,36,000 ரூபாய். வாரம் ஒரு சதவீதம் சம்பாதிப்பவருக்கு இது 34 வார வருமானம்.

நஷ்டத்தின் அளவு தெரிந்துவிட்டது. இனி மார்ஜின். விற்ற ஆப்ஷனுக்கான மார்ஜினில் இரண்டு பகுதிகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, இந்த நொடியில் அதைத் திரும்ப வாங்க ஆகும் செலவு. இரண்டாவது, இனி வரப்போகும் அசைவுக்காகப் பிடித்து வைக்கும் காப்புத் தொகை. ஸ்பான் என்று நாம் சொல்லும் கணக்கு, விலையும் வாலட்டிலிட்டியும் ஏறினால் இறங்கினால் என்று 16 விதமான சூழல்களை வைத்துப் பார்த்து, மிக மோசமானதை எடுக்கிறது. அதன் மேல் எக்ஸ்போஷர் மார்ஜின் சேரும். திங்கள் மாலை முதல் பகுதி வெறும் 49,000. செவ்வாய் நண்பகலில் அது 3,85,000. இரண்டாம் பகுதியும் குறையாது. தூரத்தில் இருந்தவரை மெதுவாக நகர்ந்த புட், நிஃப்டி ஸ்ட்ரைக்குக்குக் கீழே போனதால் இப்போது பணத்துக்குள் வந்துவிட்டது, அதனால் ஏறக்குறைய ஒரு ஃபியூச்சர் போல நகர்கிறது. அதற்கான காப்புத் தொகை 9,30,000 என்று கொண்டால் மொத்தத் தேவை 13,15,000. கணக்கில் இருப்பதோ பத்து லட்சமும் வந்த பிரீமியமும், 10,49,000. பற்றாக்குறை 2,66,000.

இங்கேதான் மார்ஜின் அழைப்பு வருகிறது. பணம் கட்டுங்கள், இல்லையென்றால் குறையுங்கள். எவ்வளவு நேரம் தருவார்கள், எந்த அளவு நஷ்டத்தில் தாங்களே மூடுவார்கள் என்பது புரோக்கருக்குப் புரோக்கர் மாறும். நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அது இருக்கும், ஒருமுறை எடுத்துப் படியுங்கள். அழைத்துச் சொல்லிவிட்டுத்தான் மூட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் வேண்டாம். அத்தனை கணக்குகளும் ஒரே நேரத்தில் சிவப்பாகும் நாளில் தனித்தனியாக அழைக்க ஆளிருக்காது. மூலதனத்தில் பாதியைப் பங்குகளாக அடமானம் வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். புட் ஏறும் அதே காரணத்தால் அந்தப் பங்குகளின் மதிப்பும் அடுத்த கணக்கெடுப்பில் இறங்கிப் பற்றாக்குறையைப் பெரிதாக்கும்.

நியாயமாகச் சொன்னால், எல்லாவற்றையும் மூட வேண்டியதில்லை. ஒரு லாட் புட்டை மூடினால் 66,000 போல விடுபடும். 4 லாட் மூடினால் பற்றாக்குறை ஏறக்குறைய தீரும், 5 லாட் மூடினால் சற்று மூச்சுவிட இடம் கிடைக்கும். அந்த 5 லாட்டை 1,100-க்கு மூடினால் உறுதியாகிவிட்ட நஷ்டம் 1,27,500 ரூபாய். வந்த மொத்தப் பிரீமியத்தைப் போல இரண்டரை மடங்கு. இதுவே இருப்பதில் மிக மென்மையான முடிவு. நான் பார்த்தவரை பெரும்பாலோர் அந்த நொடியில் முழுவதையும் மூடிவிடுவார்கள், இல்லையென்றால் ரிஸ்க் பிரிவே மூடிவிடும். அப்படிச் சந்தை விலைக்கு மூடும்போது, வாங்குபவர் கேட்கும் விலைக்கும் விற்பவர் சொல்லும் விலைக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கும். திரையில் 1,100 தெரியும், வாங்கி முடித்த சராசரி அதைவிட மோசமாக இருக்கும்.

அப்புறம் என்ன நடந்தது? ஜூன் 5 அன்று நிஃப்டி 22,620-இல் முடிந்தது. எக்ஸ்பைரி நாளான ஜூன் 6 அன்று 22,821. 22,300 புட் பூஜ்யம், 24,300 காலும் பூஜ்யம். திங்கள் மாலை அவர் போட்ட கணிப்பு இரண்டு பக்கமும் சரி. 49,000-மும் அவருக்கு வந்திருக்க வேண்டியது. 5 லாட்டை மட்டும் மூடித் தப்பியவர்கூட, மீதி எல்லாமே பூஜ்யத்தில் முடிந்த பிறகும், 88,500 நஷ்டத்தில் அந்த வாரத்தை முடித்திருப்பார். முழுவதும் மூடியவர் மூன்றரை லட்சம் போல இழந்திருப்பார். "பெரும்பாலும் பூஜ்யத்தில்தான் முடிகிறது" என்ற உங்கள் பதிவேட்டில் இந்த வாரமும் வெற்றி என்றுதான் ஏறியிருக்கும். அதனால்தான் அந்தப் பதிவேட்டை வைத்து ரிஸ்க்கை அளக்காதீர்கள் என்கிறேன். ஒவ்வொரு வாரமும் முடிவைக் குறிப்பதோடு, அந்த வாரத்தின் மிக மோசமான நொடியில் உங்கள் பொசிஷனுக்கு எவ்வளவு பணம் தேவைப்பட்டது என்பதையும் குறித்து வாருங்கள்.

ஸ்டாப்லாஸ் பற்றி. 2024 ஜூன் 4 போல, ஓரளவு சமமாகத் தொடங்கி மணிக்கணக்கில் சரிந்த நாளில் அது உதவியிருக்கக்கூடும். 80-க்கு விற்ற புட்டுக்கு 160-இல் ஸ்டாப்லாஸ் இருந்தால் முதல் சரிவிலேயே வெளியேறியிருக்கலாம். கிடைத்திருக்கும் விலை 160-ஆ 200-ஆ என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் என்எஸ்இ 2021 செப்டம்பரிலிருந்து ஆப்ஷன்களில் சந்தை விலை ஸ்டாப்லாஸ் ஆர்டரை நிறுத்திவிட்டது. நீங்கள் போடுவது எல்லை விலையோடு கூடிய ஆர்டர். தூண்டும் விலை 160, எல்லை 170 என்று போட்டிருக்கும்போது விலை 155-இலிருந்து நேராக 190-க்குத் தாவினால் ஆர்டர் உயிர்பெறும், நிறைவேறாது. திரையில் ஸ்டாப்லாஸ் இருக்கும், பொசிஷனும் இருக்கும். எல்லையை அகலமாக வைத்தால் நிறைவேற வாய்ப்பு கூடும், விலை மோசமாகும்.

இரவோடு வரும் தாவலுக்கு எந்த ஸ்டாப்லாஸும் இல்லை. 2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை நிஃப்டி 8,745-இல் முடிந்தது. திங்கள் காலை பெரும் இடைவெளியோடு கீழே தொடங்கி, முதல் ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத எல்லையைத் தொட்டு, வர்த்தகம் 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. திறந்த பிறகும் இறங்கி 7,610-இல் முடிந்தது. ஒரே நாளில் 12.98 சதவீதம். அந்த 45 நிமிடத்தில் உங்களால் விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. ஏறிவிட்ட மார்ஜின் தேவை மட்டும் அப்படியே நிற்கும். தேர்தல் முடிவுக்காவது தேதி தெரியும், அந்த வாரம் ஒதுங்கியிருக்கலாம். இப்படிப்பட்ட திங்கட்கிழமைக்குத் தேதி கிடையாது.

இனி ஹெட்ஜ். அதே திங்கள் மாலை, 22,300 புட்டை விற்றவர் 21,800 புட்டை 35-க்கு வாங்குகிறார். 24,300 காலை விற்றவர் 24,800 காலை 20-க்கு வாங்குகிறார். இதுதான் அயர்ன் கான்டார். நிகர வரவு 140-க்குப் பதில் 85 புள்ளி. நீங்கள் வீண் என்று சொல்லும் தொகை அந்த 55 புள்ளி. அதற்கு ஈடாக, நிஃப்டி எங்கே போனாலும் ஒரு பக்கத்தில் நஷ்டம் 500 புள்ளிக்கு மேல் போகாது. வரவு 85-ஐக் கழித்தால் அதிகபட்ச நஷ்டம் 415 புள்ளி, ஒரு லாட்டுக்கு 10,375 ரூபாய். என்எஸ்இ இப்படி ஹெட்ஜ் செய்த பொசிஷனுக்கு 2020 ஜூனிலிருந்து மார்ஜினை நன்றாகக் குறைத்துத் தருகிறது. ஒரு லாட்டுக்கு 35,000 என்று கொள்வோம்.

அதே 14 லாட்டில், செவ்வாய் நண்பகல் 21,281-இல் என்ன நடக்கிறது? விற்ற புட் 1,100, ஆனால் வாங்கிய 21,800 புட்டும் 715 போல ஏறியிருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 385. நிகர நஷ்டம் 300 புள்ளி, 1,05,000 ரூபாய். வலிக்கும் தொகைதான். ஆனால் 4,90,000 மார்ஜினில் நிற்கும் பொசிஷன் இது. மீதி ஐந்து லட்சம் கணக்கில் சும்மா இருக்கிறது, யாரும் உங்களை அழைக்கப்போவதில்லை. நீங்கள் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்கலாம். வியாழன் மாலை நான்கு ஆப்ஷன்களும் பூஜ்யம், வரவு 29,750 முழுவதும் உங்களுடையது. 49,000 எதிர்பார்த்து நஷ்டத்தோடு வெளியேறியவருக்கும் 29,750 எடுத்தவருக்கும் கணிப்பில் எந்த வேறுபாடும் இல்லை. அந்த 55 புள்ளி, எக்ஸ்பைரி வரை நின்றிருக்க அவர் கொடுத்த விலை.

இதை வைத்துக் கான்டார் எப்போதும் சிறந்தது என்று சொல்லமாட்டேன். அமைதியான வாரங்கள் தொடர்ந்து வந்தால் ஹெட்ஜ் இல்லாமல் விற்பவர்தான் அதிகம் சம்பாதிப்பார், அதில் சந்தேகமில்லை. நான்கு ஆப்ஷன்களுக்கும் தரகும் வரியும் உண்டு, நான்கிலும் விலை இடைவெளியில் கொஞ்சம் இழப்பீர்கள். ஒரு பக்கத்தின் முழு நஷ்டமும் விழும் வாரங்கள் கான்டாரிலும் வரும். மாறுவது இதுதான்: அந்த நஷ்டத்தின் அளவு திங்களன்றே உங்களுக்குத் தெரியும்.

அந்த அளவைத் தெரிந்துகொண்டு லாட்டைத் தீர்மானிக்காமல் போவதுதான் அடுத்த ஆபத்து. மார்ஜின் பாதியானதும் கை தானாக 28 லாட்டுக்குப் போகும். 28 லாட்டில் அதிகபட்ச நஷ்டம் 2,90,500. ஹெட்ஜ் வாங்கியும் மூலதனத்தில் 29 சதவீதத்தைப் பணயம் வைத்திருக்கிறீர்கள். மார்ஜின் எத்தனை லாட்டை அனுமதிக்கிறது என்று பார்க்காதீர்கள். ஒரு வாரத்தில் எவ்வளவு போனால் உங்களால் தாங்க முடியும் என்பதிலிருந்து தொடங்குங்கள். அது 50,000 என்றால், 10,375-ஆல் வகுத்தால் 4 லாட். 4 லாட்டின் வரவு 8,500. அதாவது தேர்தல் போன்ற கொழுத்த வாரத்திலேயே ஒரு சதவீதத்துக்குக் கீழே, சாதாரண வாரத்தில் அதைவிட வெகுவாகக் குறைவு. இது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனால் இப்போது நீங்கள் வாங்கும் ஒரு சதவீதத்தில் பெரும்பகுதி, மூலதனத்தில் மூன்றில் ஒன்றை ஒரே நாளில் இழக்க ஒப்புக்கொண்டதற்கான கூலி. அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றால் கூலியும் குறையத்தான் செய்யும்.

ஹெட்ஜ் என்ற பெயரில் இன்னொன்றும் நடக்கிறது. 20,800 புட்டை 8-க்கும், மேலே அதேபோல 25,800 காலை 4-க்கும் வாங்குவது. மார்ஜினைக் குறைப்பதற்காகவே வாங்கும் ஹெட்ஜ் அது. அகலம் 1,500 புள்ளி, ஒரு லாட்டின் அதிகபட்ச நஷ்டம் 34,300. மிச்சமான மார்ஜினில் 18 லாட் விற்றால் ஆறு லட்சத்துக்கு மேல். ஜூன் 4-இன் அடிமட்டமே 21,281 என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த நாளிலும் 20,800 எட்டப்படவில்லை. ஹெட்ஜ் உங்களுக்கு எங்கே உதவத் தொடங்கும், அதுவரை உங்கள் பணம் தாங்குமா என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது ஹெட்ஜா இல்லையா என்பது தெரியும்.

போடும் வரிசையும் முக்கியம். நுழையும்போது வாங்க வேண்டியதை முதலில் வாங்குங்கள், பிறகு விற்கலாம். வெளியேறும்போது விற்றதை முதலில் திரும்ப வாங்கி, கடைசியாகக் கையிலிருப்பதை விற்க வேண்டும். சரிவில் 35-க்கு வாங்கிய புட் 715-இல் லாபமாக மின்னும்போது அதை மட்டும் விற்றுக் காசாக்கும் ஆசை வரும். விற்ற நொடியில் நீங்கள் மறுபடியும் ஹெட்ஜ் இல்லாத விற்பனையாளர், அதுவும் மார்ஜின் மிக அதிகமாக இருக்கும் நேரத்தில். மாத எக்ஸ்பைரியை விற்றுவிட்டு வார எக்ஸ்பைரியில் மலிவாக ஹெட்ஜ் வாங்குபவர்களுக்கும் இதுதான் நடக்கும். வாரம் முடிந்த மாலையில் ஹெட்ஜ் காணாமல் போய், மார்ஜின் ஒரேயடியாக ஏறும். எக்ஸ்பைரி நாளில் விற்ற நிலையிலுள்ள இன்டெக்ஸ் ஆப்ஷன்களுக்கு 2024 நவம்பர் 20 முதல் செபி கூடுதலாக 2 சதவீத மார்ஜினையும் விதித்திருக்கிறது. கான்டார் வைத்திருப்பவரும் அதற்கு இடம் விட்டுத்தான் லாட்டைப் போட வேண்டும்.

மேலே சொன்ன "அதிகபட்ச நஷ்டம்" நிஃப்டிக்கு அப்படியே பொருந்துவதற்குக் காரணம், அது பணமாகவே தீர்க்கப்படுவதும், எக்ஸ்பைரிக்கு முன் யாரும் உங்கள் மேல் உரிமை கோர முடியாததும். தனிப் பங்குகளின் ஆப்ஷன்களுக்கு இதைக் கொண்டுபோக நினைத்தால் கவனம் தேவை. அவை 2019 அக்டோபரிலிருந்து முழுமையாகப் பங்கு வழங்கித் தீர்க்கப்படுகின்றன. விற்ற புட் பணத்துக்குள்ளும் வாங்கிய புட் வெளியிலும் இருக்கும் நிலையில் எக்ஸ்பைரி முடிந்தால், ஒரு லாட் பங்குகளை முழு விலை கொடுத்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பல லட்சம் தேவைப்படும், அதன் பிறகு அந்தப் பங்கு எவ்வளவு இறங்கினாலும் உங்கள் ஹெட்ஜ் உதவிக்கு வராது. பங்கு ஆப்ஷனில் ஸ்பிரெட் வைத்திருப்பவர், எக்ஸ்பைரி நாள் வருவதற்கு முன்பே இரண்டு பக்கத்தையும் மூடிவிடுவது நல்லது.